சட்டப் பிரிவை விளங்க வைப்பது எப்படி: சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 106

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ பி.காம். படிக்கும் தம்பி ஒருவர் சட்ட ரீடரைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணா, இந்தப் பத்தியை மூணு தடவை படிச்சிட்டேன், ஒண்ணும் ஏறல" என்றால், பெரும்பாலும் விரல் நிற்கும் இடம் இப்படிப்பட்ட ஒரு பத்தியாகத்தான் இருக்கும். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 106-ஆம் பிரிவு. குத்தகையை அறிவிப்பு கொடுத்து முடிப்பது பற்றியது. அதன் முதல் உட்பிரிவைத் தமிழில் அப்படியே வைத்தால் இப்படி வரும்:

"மாறான ஒப்பந்தமோ உள்ளூர்ச் சட்டமோ வழக்கமோ இல்லாத நிலையில், வேளாண்மை அல்லது உற்பத்தி நோக்கத்துக்கான அசையாச் சொத்தின் குத்தகை, விடுபவர் அல்லது எடுத்தவர் ஆகிய எவர் தரப்பிலிருந்தும் ஆறு மாத அறிவிப்பினால் முடிக்கத்தக்க, ஆண்டுக்கு ஆண்டு தொடரும் குத்தகையாகக் கொள்ளப்படும்; வேறு எந்த நோக்கத்துக்குமான அசையாச் சொத்தின் குத்தகை, விடுபவர் அல்லது எடுத்தவர் ஆகிய எவர் தரப்பிலிருந்தும் பதினைந்து நாள் அறிவிப்பினால் முடிக்கத்தக்க, மாதத்துக்கு மாதம் தொடரும் குத்தகையாகக் கொள்ளப்படும்."

இதற்குக் கீழே இன்னும் மூன்று உட்பிரிவுகள் உண்டு. சட்டம் படிக்காதவருக்கு இதை எப்படிப் பிரித்துச் சொல்வது என்பதைத்தான் கீழே பார்க்கிறோம். ஒரு பென்சில், ஒரு வெள்ளைத்தாள், முக்கால் மணி நேரம் போதும்.

முதலில் புத்தகத்தைப் பாருங்கள்

விளக்கத் தொடங்கும் முன், தம்பி கையில் இருக்கும் ரீடரில் 106-ஆம் பிரிவுக்கு நான்கு உட்பிரிவுகள் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். இந்தப் பிரிவு 2002 டிசம்பர் 31 முதல் மாற்றி எழுதப்பட்டது. சீனியர்களிடமிருந்து கைமாறி வந்த பழைய பதிப்பானால் உள்ளே பழைய வாசகமே இருக்கும். அதில் அறிவிப்புக் காலம் குத்தகை மாதத்தின் கடைசி நாளோடு சரியாக முடிய வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. அந்த ஒரு நாள் கணக்கு தவறியதால் அறிவிப்பு செல்லாமல் போன வழக்குகள் ஏராளம். புதிய வாசகத்தில் அந்த நிபந்தனையே கிடையாது. பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு புதிய விதியைச் சொன்னால், இரண்டும் ஒட்டாமல் படிப்பவர் குழம்புவார். தவறு தன் மூளையில் என்று நினைத்துக்கொள்வார்.

முதல் சொல்லில் தொடங்காதீர்கள்

எல்லோரும் செய்யும் பிழை, வாக்கியத்தை முதல் சொல்லிலிருந்து வரிசையாக விளக்கப் பார்ப்பது. இந்தப் பிரிவு விதிவிலக்கோடு தொடங்குகிறது: "மாறான ஒப்பந்தமோ..." எதற்கு மாறான? விதியே இன்னும் வரவில்லை. விதி தெரியாமல் விதிவிலக்கைச் சொன்னால் கேட்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

ஆகவே அந்த முதல் துண்டைச் சுற்றி பென்சிலால் ஒரு கட்டம் போட்டு, "இதற்குக் கடைசியில் வருவோம்" என்று ஒதுக்குங்கள். அடித்துவிடக் கூடாது. ஒதுக்கியதை மறந்துவிடவும் கூடாது. ஏன் என்பது முடிவில் தெரியும்.

அடுத்து, பத்தியின் நடுவில் இருக்கும் அரைப்புள்ளியைத் தேடி, அந்த இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. இப்போது இடப்பக்கம் ஒரு வாக்கியம், வலப்பக்கம் ஒரு வாக்கியம். இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. எது மாறுகிறது என்று தம்பியையே தேடச் சொல்லுங்கள். மூன்றே இடங்களில்தான் மாறும்: நோக்கம், தொடரும் காலம், அறிவிப்பின் அளவு. அந்த மூன்றையும் தாளில் எழுத வையுங்கள்.

வேளாண்மை அல்லது உற்பத்தி: ஆண்டுக்கு ஆண்டு: 6 மாதம்.
மற்ற எல்லாம்: மாதத்துக்கு மாதம்: 15 நாள்.

இரு பக்கமும் மாறாமல் நிற்பவை "விடுபவர் அல்லது எடுத்தவர் ஆகிய எவர் தரப்பிலிருந்தும்" என்பதும் "கொள்ளப்படும்" என்பதும். முதலாவதை ஒரே வரியில் முடிக்கலாம்: காலி பண்ணச் சொல்ல உரிமையாளருக்கு எத்தனை நாள் அறிவிப்போ, காலி செய்கிறேன் என்று சொல்ல வாடகைக்கு இருப்பவருக்கும் அத்தனை நாள்தான்.

"கொள்ளப்படும்" என்பதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் கொடுங்கள். இரண்டு பேர் வாய்ப்பேச்சாக ஒரு கிடங்கை வாடகைக்கு விட்டு எடுத்திருக்கிறார்கள். எத்தனை காலத்துக்கு என்று பேசவே இல்லை. அந்தப் பேசாத இடத்தைச் சட்டம் தானே நிரப்புகிறது: நோக்கத்தைப் பார்த்து, இது மாதக் குத்தகை என்று எடுத்துக்கொள்கிறது. இரு தரப்பும் மனத்தில் என்ன நினைத்தார்கள் என்று விசாரிக்காது. இது பிடிபட்டால், ஒதுக்கி வைத்த கட்டத்தின் அர்த்தம் பாதி தானாகவே விளங்கிவிடும். பேசி வைத்திருந்தால் சட்டம் நிரப்ப வேண்டிய வெற்றிடமே இல்லை.

நோக்கத்தைச் சோதிக்க ஒரு கேள்வி

தாளில் எழுதியது புரிந்ததா என்று பார்க்க, டெல்டாவிலிருந்தே ஒரு கேள்வி போடுங்கள். வலங்கைமான் பக்கம் ஒரு கிராம ஊராட்சியில் ஒரு வியாபாரி நெல் மூட்டை அடுக்க ஒரு கிடங்கை மாத வாடகைக்கு எடுத்திருக்கிறார். எழுத்து ஒன்றும் இல்லை. எந்தப் பக்கம்?

அநேகமாக வரும் பதில்: "நெல்லுன்னா விவசாயம்தானே அண்ணா, ஆறு மாசம்."

இந்தத் தவறான பதில் வருவது நல்லது. பிரிவு கேட்பது பொருள் என்ன என்றல்ல. இடம் எதற்காக வாடகைக்கு எடுக்கப்பட்டது என்று. அந்தக் கிடங்கில் யாரும் நடவு நடவில்லை. எதையும் உற்பத்தி செய்யவுமில்லை. வாங்கிய நெல்லைச் சேமித்து வைக்கிறார்கள். ஆகவே அது "வேறு எந்த நோக்கம்" என்ற பக்கம் போகிறது. மாதக் குத்தகை, 15 நாள். அதே கட்டடத்தில் நெல்லை அரிசியாக்கும் ஆலை ஓடினால், உள்ளே போவது ஒரு பொருள், வெளியே வருவது வேறு பொருள், அது உற்பத்தி. அப்போது 6 மாதம் என்ற பக்கம் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆலை உதாரணத்தை அத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்குள் ஒரு வலை இருக்கிறது: அடுத்த பிரிவான 107, ஆண்டுக் குத்தகையைப் பதிவு செய்த பத்திரத்தின் மூலம்தான் உண்டாக்க முடியும் என்கிறது. பதிவே இல்லாத ஆலைக் குத்தகையை ஆண்டுக் குத்தகை என்று கொள்ள முடியாது, 15 நாள் அறிவிப்பே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் சமீர் முகர்ஜி வழக்கில் சொன்னது. தம்பி தானாகக் கேட்டால் சொல்லுங்கள். கேட்காதவரிடம் முதல் நாளே 107-ஐயும் திறந்தால் 106-உம் கையை விட்டுப் போய்விடும்.

உட்பிரிவுகளை 1, 4, 2, 3 என்ற வரிசையில் சொல்லுங்கள்

புத்தகத்தில் 1, 2, 3, 4 என்று இருக்கிறது. ஆனால் உலகத்தில் காரியம் அந்த வரிசையில் நடப்பதில்லை. முதலில் எத்தனை நாள் என்று பார்க்கிறோம், அது 1. பிறகு அறிவிப்பை எழுதி அனுப்புகிறோம்; அது 4. அது போய்ச் சேர்கிறது, நாள் எண்ணத் தொடங்குகிறோம், அது 2. எண்ணிக்கையில் குறை வந்தால் என்ன ஆகும் என்பது 3. நடக்கும் வரிசையில் சொன்னால் மனப்பாடம் தேவைப்படாது. ஓரத்தில் பென்சிலால் இந்தப் புதிய எண்களைக் குறிக்கச் சொல்லுங்கள். தேர்வில் எழுதும்போது புத்தக எண்களைத்தான் எழுத வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

உட்பிரிவு 4: "மேலும்" எங்கே, "அல்லது" எங்கே

இந்த உட்பிரிவு ஒரே வாக்கியத்தில் அறிவிப்பின் வடிவத்தையும் அதைச் சேர்க்கும் வழிகளையும் சொல்கிறது. இங்கே செய்ய வேண்டிய வேலை, எவை கட்டாயம் ஒன்றுசேர வேண்டியவை, எவற்றில் ஏதாவது ஒன்று போதும் என்று பிரிப்பது.

சேர்ந்தே இருக்க வேண்டியவை இரண்டு. அறிவிப்பு எழுத்தில் இருக்க வேண்டும். கொடுப்பவரோ அவர் சார்பில் ஒருவரோ கையொப்பமிட்டிருக்க வேண்டும். உரிமையாளர் டீக்கடையில் வைத்து நாலு பேர் முன்னால் "அடுத்த மாசம் காலி பண்ணிடு" என்று சொன்னது இந்தப் பிரிவின்படி அறிவிப்பே இல்லை. வக்கீல் நோட்டீஸில் வக்கீல் மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தால் செல்லும். "அவர் சார்பில்" என்ற சொல் அதற்குத்தான்.

சேர்க்கும் வழிகளில் ஏதாவது ஒன்று போதும். அவரது பெயருக்குத் தபாலில் அனுப்பலாம். அவரிடமே நேரில் கொடுக்கலாம். அவர் குடியிருக்கும் வீட்டில் குடும்பத்தார் ஒருவரிடமோ வேலையாளிடமோ கொடுக்கலாம். நான்காவது வழி, சொத்தில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுவது. இதற்கு மட்டும் அடைப்புக்குறிக்குள் ஒரு நிபந்தனை: நேரில் கொடுப்பது நடைமுறையில் முடியாமல் போனால்தான்.

தாளில் ஒரு கிளைப்படம் போட்டு, அந்த நிபந்தனையை நான்காவது கிளையில் மட்டும் எழுத வையுங்கள். படிப்பவர்கள் இடறுவது இங்கேதான். அடைப்புக்குறி எந்தக் கிளைக்கு உரியது என்று பார்க்காமல், எல்லா வழிகளுக்கும் அந்த நிபந்தனை உண்டு என்றோ, எடுத்த எடுப்பில் கதவில் ஒட்டிவிடலாம் என்றோ புரிந்துகொள்கிறார்கள். சோதனைக் கேள்வி: வியாபாரி தினமும் கிடங்குக்கு வந்து போகிறார். உரிமையாளர் அவரிடம் கொடுக்கவே முயலாமல், தபாலிலும் அனுப்பாமல், இரவில் கதவில் ஒட்டிவிட்டுப் போகிறார். செல்லுமா? செல்லாது; நேரில் கொடுக்க முடியாத நிலை அங்கே இல்லை.

இன்னொரு நுணுக்கம், "குடியிருக்கும் வீட்டில்" என்ற சொல். வேலையாளிடம் கொடுப்பது என்றால் வீட்டில் கொடுப்பது. கிடங்கில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த லோடுமேன் கையில் திணித்துவிட்டு "வேலையாளிடம் கொடுத்தேன்" என்றால், அந்த வழி நிறைவேறியதாகச் சொல்வது கடினம்.

உட்பிரிவு 2: எண்ணத் தொடங்கும் நாள்

இது சின்ன உட்பிரிவு. வேறு எந்தச் சட்டம் என்ன சொன்னாலும், காலம் அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து தொடங்கும். அறிவிப்பில் போட்ட தேதி முக்கியமில்லை, தபாலில் சேர்த்த தேதியும் முக்கியமில்லை. ஆகவே தபால் கிடைத்ததற்கான ஒப்புகையில் இருக்கும் தேதிதான் கணக்குக்கு ஆதாரம். கிடைத்த நாளை விட்டுவிட்டு மறுநாளை ஒன்று என்று எண்ணுவதே பாதுகாப்பு. "வாங்க மறுத்துவிட்டார்" என்ற குறிப்போடு தபால் திரும்பினால் கிடைக்கவில்லை என்று ஆகுமா என்று கேட்பார்கள். சரியான முகவரிக்கு முறையாகப் பதிவு செய்து அனுப்பிய தபால் சேர்ந்ததாகவே அனுமானிக்கப்படும்; மறுத்தவர் அந்த மறுப்பால் லாபம் அடைய முடியாது.

உட்பிரிவு 3: எதிர்மறைக்குள் எதிர்மறை

நான்கில் இதுவே கடினம். "அறிவிப்பில் குறித்த காலம் உட்பிரிவு 1-இல் சொன்ன காலத்தைவிடக் குறைவு என்ற காரணத்தினால் மட்டுமே, அந்த உட்பிரிவில் சொன்ன காலம் முடிந்தபின் வழக்குப் போடப்பட்டிருந்தால், அறிவிப்பு செல்லாததாகக் கொள்ளப்படாது." ஒரே வாக்கியத்தில் "காலம்" இரண்டு பொருளில் வருகிறது: தாளில் உரிமையாளர் எழுதிய காலம் ஒன்று, சட்டம் கேட்கும் காலம் இன்னொன்று. இரண்டுக்கும் பெயர் வைத்துவிடுங்கள்: எழுதிய காலம், சட்டக் காலம். எதிர்மறைகளையும் நேராக்குங்கள். இப்போது வாக்கியம் இப்படி ஆகும்: எழுதிய காலம் குறைந்தாலும், சட்டக் காலம் முழுதும் கழிந்தபின் வழக்குப் போட்டால் அறிவிப்பு செல்லும்.

ஆனால் நேராக்கும்போது "மட்டுமே" தொலைந்துவிடும். அதைத் திரும்பக் கொண்டுவந்து வையுங்கள். இந்த உட்பிரிவு காப்பாற்றுவது நாள் குறைவை மட்டும்தான். கையெழுத்து இல்லாத அறிவிப்பையோ, தவறாகச் சேர்ப்பித்த அறிவிப்பையோ எத்தனை நாள் காத்திருந்தாலும் இது காப்பாற்றாது.

தேதி போட்டுக் கணக்கு

மேலே சொன்ன வலங்கைமான் கிடங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் ஆகஸ்ட் 1 தேதியிட்டு, கையொப்பமிட்டு, "ஆகஸ்ட் 11-க்குள் காலி செய்யவும்" என்று தபாலில் அனுப்புகிறார். வியாபாரி ஆகஸ்ட் 5 அன்று கையெழுத்திட்டு வாங்குகிறார். ஆகஸ்ட் 25 அன்று உரிமையாளர் வழக்குப் போடுகிறார்.

தம்பியை ஒவ்வொரு படியாகப் பேச வையுங்கள். நோக்கம் சேமிப்பு, ஆகவே சட்டக் காலம் 15 நாள். எழுத்து உண்டு, கையொப்பம் உண்டு, தபால் வழி சரி. கிடைத்த நாள் ஆகஸ்ட் 5. ஆகஸ்ட் 6 முதல் எண்ணினால் 15-ஆம் நாள் ஆகஸ்ட் 20. எழுதிய காலம் அதைவிடக் குறைவு, குறை இருக்கிறது. வழக்கு ஆகஸ்ட் 25, அதாவது ஆகஸ்ட் 20 கழிந்தபின். உட்பிரிவு 3 குறையை மூடுகிறது. அறிவிப்பு செல்லும்.

இப்போது ஒரே ஒரு தகவலை மட்டும் மாற்றுங்கள். வழக்கு ஆகஸ்ட் 18-இல் போடப்பட்டது. சட்டக் காலம் முடியவில்லை. உட்பிரிவு 3 உதவாது, அறிவிப்பு வீழும். திரும்ப ஆகஸ்ட் 25-க்கே வந்து, கையொப்பத்தை எடுத்துவிடுங்கள். நாள் கணக்கு சரி, ஆனாலும் வீழும். ஒவ்வொரு முறையும் ஒரு தகவலை மட்டும் மாற்றுவது முக்கியம். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால், எது காரணமாகப் பதில் மாறியது என்று அவருக்குத் தெரியாது.

அறிவிப்பு செல்லும் என்றால் உரிமையாளர் மறுநாளே பூட்டுப் போட்டுவிடலாமா என்ற கேள்வி இங்கே வரும். வர வேண்டும். குத்தகை முடிகிறது, அவ்வளவுதான். வெளியேற மறுப்பவரை வெளியேற்ற நீதிமன்றம் போக வேண்டும். உட்பிரிவு 3 வழக்கைப் பற்றிப் பேசுவதே அதனால்தான்.

ஒதுக்கி வைத்த கட்டம்

இப்போது பென்சில் கட்டத்துக்குத் திரும்புங்கள். அதற்குள் மூன்று பொருள்: ஒப்பந்தம், உள்ளூர்ச் சட்டம், வழக்கம். ஒப்பந்தம் எளிது. கிடங்குக்கு எழுத்து போட்டு "ஒரு மாத அறிவிப்பு" என்று வைத்திருந்தால் ஒரு மாதம்தான். 15 நாளைப் பார்க்கவே வேண்டாம். வழக்கத்தை நம்பி வாதாடுபவர் அதை நிரூபிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடலாம்.

உள்ளூர்ச் சட்டம்தான் டெல்டாவில் எல்லாவற்றையும் புரட்டிப்போடுகிறது. கும்பகோணம் நகருக்குள் இருக்கும் கடை என்றால், நகர்ப்புறக் கட்டடங்களுக்கு 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் தனி வழி வைத்திருக்கிறது. உதாரணத்தைக் கிராம ஊராட்சியில் வைத்ததே அதற்காகத்தான். உதாரணம் தேடும்போது நீங்களும் இதைக் கவனியுங்கள். பஜார் கடையைச் சொல்லிவிட்டு 15 நாள் என்று கணக்குப் போட்டால் விளக்கம் அழகாக இருக்கும், விடை தவறாக இருக்கும்.

வயல் இதைவிடப் பெரிய விஷயம். பிரிவு "வேளாண்மை... ஆறு மாத அறிவிப்பு" என்கிறது. நீடாமங்கலத்தில் குத்தகைக்கு நெல் பயிரிடுபவரை 6 மாத அறிவிப்பில் எழுப்பிவிடலாம் என்று தம்பி முடிவு கட்டிவிடுவார். 106-இன் சொற்களை மட்டும் படித்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அதே அத்தியாயத்தின் கடைசிப் பிரிவான 117-ஐத் திருப்பிக் காட்டுங்கள்: மாநில அரசு அறிவிக்கை மூலம் பொருத்தினால் ஒழிய, இந்த அத்தியாயம் வேளாண் குத்தகைகளுக்குப் பொருந்தாது. ஒரு பிரிவு ஒரு கையால் கொடுப்பதை அத்தியாயத்தின் கடைசிப் பிரிவு எடுத்துக்கொள்கிறது. எந்தப் பிரிவை விளக்கினாலும் அந்த அத்தியாயத்தின் முதல் பிரிவையும் கடைசிப் பிரிவையும் ஒரு முறை புரட்டிப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

பிறகு மாநிலச் சட்டம். குத்தகை விவசாயிகளின் வெளியேற்றம் இங்கே பழைய பிரச்சினை. தஞ்சை மாவட்டத்துக்கென்றே 1952-இல் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955-இல் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தானோ தன் குடும்பத்தாரோ உடலுழைப்புப் போட்டுப் பயிர் செய்யும் குத்தகைதாரரை அது காக்கிறது. அவரை வெளியேற்ற எத்தனை மாத அறிவிப்பு கொடுத்தோம் என்பது கணக்கில்லை. குத்தகைப் பாக்கி வைத்தார், நிலத்துக்கோ பயிருக்கோ கேடு செய்தார், நிலத்தை விவசாயம் அல்லாததற்குப் பயன்படுத்தினார், உரிமையாளரின் உரிமையையே வேண்டுமென்று மறுத்தார் என்பது போல அந்தச் சட்டம் சொல்லும் காரணம் ஒன்று இருக்க வேண்டும். அதையும் வருவாய்த் துறை அதிகாரியிடம் மனுப் போட்டு நிரூபிக்க வேண்டும். வருவாய்க் கோர்ட் என்று ஊரில் சொல்வது இதைத்தான்.

கடைசியாக, புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு மூன்று இடங்களைக் கேளுங்கள்: வலங்கைமான் கிடங்கு, கும்பகோணம் பஜார் கடை, நீடாமங்கலம் வயல். ஒவ்வொன்றிலும் எத்தனை நாள் என்று கேட்காதீர்கள். முதலில் எந்தச் சட்டத்தைத் திறப்பாய் என்று கேளுங்கள். மூன்றுக்கும் 106 என்று பதில் வந்தால், பென்சில் கட்டத்திலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும்.